பாலைமரத்தடிக்கு வந்த விருந்தாளிகள்

எங்கள் சனத்துக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது. நாற்பது வயது கடந்த பிறகு, என் மனைவியை ஒரு காட்டோரம் கூட்டிக்கொண்டு போய் இருந்த அந்த மாசி மாதத்தில்தான் இதை நான் முழுதாக உணர்ந்தேன். அவளுக்கு அதற்கு முந்திய ஆவணியில் டைபாயிட் என்ற நெருப்புக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, நித்திரை திரும்பவில்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கு உடல் நடுங்கும். பகலில் கண் எரியும், இரவில் கண் மூடாது. பருத்தித்துறையில் எங்கள் வீடு சந்திக்கு அருகில் இருந்தது. விடியுமுன் மீன் கூடைக்காரர், பிறகு வண்டிகள், பிறகு பஸ். இவற்றையாவது பொறுக்கலாம். சுகம் விசாரிக்க வருகிறவர்களைப் பொறுக்க முடியவில்லை. தோடம்பழமும் பிஸ்கற் பேணியுமாக வந்து, அவளுடைய கட்டில் காலடியில் இருந்துகொண்டு, இதே காய்ச்சலில் செத்தவர்களின் கதைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். போன பிறகு நான் வெற்றிலைத் துப்பலைக் கழுவுவேன்.

எங்கள் டாக்குத்தர் வயதானவர், சுருக்கமாகப் பேசுகிறவர். மருந்துப் போத்தலை எடுத்து அப்பால் வைத்தார்.

"இனி மருந்தில்லை. வெள்ளைக்காரர் நுவரெலியாவுக்குப் போவினம். அந்தக் குளிர் இவவுக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கடை காட்டுக்கே கூட்டிக்கொண்டு போம். மரத்துக்குக் கீழை மெல்ல நடக்கட்டும், இருக்கட்டும். கதைக்க வேண்டாம். புத்தகமும் வேண்டாம்."

"எவ்வளவு தூரம் நடக்க வேணும்?" என்று கேட்டேன்.

"தூரத்தை விடும். மூச்சு வாங்கக் கூடாது. எங்கையும் போய்ச் சேருறதுக்கு நடக்கிறேல்லை. களைப்பு வாறதுக்கு முதல் இருந்துவிட வேணும். அவ்வளவுதான்."

எத்தனை நாள் என்று கேட்டதற்கு, ஒரு கிழமைக்குக் குறைந்தால் பயன் இல்லை என்றார். முதல் சில நாட்கள் உடல் பழைய பரபரப்பை விடாது. அது விட்ட பிறகுதான் ஓய்வு தொடங்கும். இரண்டு கிழமை நல்லது. மூன்றுக்கு மேல் போனால் வீட்டு நினைவு வந்து, அதுவே புதிய கவலையாகிவிடும் என்றார்.

என் மனைவியின் தமையனுக்குப் பளையிலிருந்து கிழக்கே உள்ளே ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. அதில் சிறிய பங்களா ஒன்று. தோட்டத்து வேலிக்கு அப்பால் காடு: பாலை, வீரை, முதிரை, இடையிடையே நாவல். பெரிய காடு அல்ல. ஆனால் உள்ளே கொஞ்சம் போனால் தென்னோலைச் சத்தம்கூடக் கேட்காது. மச்சானிடம் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு தருவதாகச் சொன்னார். அவர் எதையும் மகிழ்ச்சியோடுதான் சொல்வார். அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

"ஆனியிலை வாரும் மச்சான். பாலைப்பழக் காலம். குளமெல்லாம் வத்தி, மானும் பன்றியும் ஒரே தண்ணிக்கு வரும். கொழும்பிலையிருந்து ஆக்கள் துவக்கோடை வேட்டைக்கு வருவினம். கலகலப்பாயிருக்கும்."

"கலகலப்பு வேண்டாமெண்டுதான் போறம்."

"உமக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிரித்தார்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் காலத்தை நான் எண்ணிப் பார்த்தேன். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. பாதையில் கால் வைக்க முடியாது. தையில் பாதை காய்ந்துவிடும், ஆனால் பள்ளங்களில் தேங்கிய நீரில் நுளம்பு பெருகும்; காட்டோர ஊர்களில் மலேரியாக் காய்ச்சல் அதிகமாகும் மாதம் அது. ஆனி ஆடியில் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். நிழலிலும் சூடு இருக்கும். மாசியின் நடுப்பகுதிதான் எஞ்சியது. பள்ளங்கள் வற்றத் தொடங்கியிருக்கும், இலைகள் இன்னும் வாடியிருக்காது, காலையில் மெல்லிய குளிர் இருக்கும். அந்தக் காலத்தில் உண்ணி இருக்கும் என்பது ஒன்றுதான் குறை. அதற்கு வேப்பெண்ணெய் எடுத்துக்கொண்டேன். நுளம்புவலையும் மலேரியாவுக்கான கொயினாக் குளிசையும் எப்படியும் வேண்டும். டாக்குத்தரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

கொடிகாமம் வரை பஸ், அங்கிருந்து பளைக்கு ரயில், பிறகு மாட்டுவண்டி. யாரிடமும் விலாசம் சொல்லவில்லை. ஆறுதலாகக் காட்டோரம் போய் இருக்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் கோயிலுக்குப் போகலாம், கலியாணத்துக்குப் போகலாம், வழக்குக்குப் போகலாம். சும்மா இருப்பதற்கு ஒருவர் வீட்டை விட்டுப் போவதாக யாரும் நம்பமாட்டார்கள்.

முதல் நாள் அவள் சந்தைக்குப் போகிறவள்போல் நடந்தாள். கையை வீசிக்கொண்டு, பார்வையை முன்னால் வைத்துக்கொண்டு, எதையோ முடித்துவிட வேண்டும் என்ற நடை. நான் பின்னால் நடந்தேன்.

"இஞ்சாரும், மெல்ல."

"மெல்லத்தானே நடக்கிறன்."

"அந்த வீரை மரத்தைப் பார்த்தீரோ?"

"எந்த மரம்?"

நாங்கள் கடந்து வந்துவிட்டோம். அன்றைக்கு அவளுக்கு நித்திரை இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான் ஒழுங்கொன்றை வைத்தேன். வெயில் பாதையில் விழுந்து பாம்பு புற்றுக்கோ நிழலுக்கோ ஒதுங்கும்வரை புறப்படுவதில்லை. காலுக்கு எண்ணெய் பூசி, தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போவோம். ஒரே பாதைதான். புதிய பாதை என்றால் வழி தவறும் பயம் வரும். பயம் வந்தால் ஓய்வு போய்விடும். பாதை ஒரு பெரிய பாலைமரத்தில் முடியும். அதன் கீழே பாயைப் போட்டு இருப்போம். திரும்பி வந்ததும் கால், முழங்கால், இடுப்பு எல்லாம் பார்த்து உண்ணியை எடுத்துவிட்டுத்தான் குளிப்பு. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடித்தோம். தோட்டக் காவற்காரனின் மனைவி சோறும் இரண்டு கறியும் ஆக்கித் தருவாள். எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. அதனால் அவளுக்கும் வேலை குறைவு.

நாலைந்து நாளில் நடை மாறியது. எனக்கு முதலில் தெரிந்தது அவளுடைய கை. வீசாமல் பக்கத்தில் தொங்கியது. பிறகு அவளாகவே நின்றாள். ஒரு மரப்பட்டையில் விரலை வைத்து, அதில் ஓடிய எறும்பு வரிசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாலைமரத்தடியில் பாயில் சாய்ந்தாள். மேலே இலைகளுக்கிடையில் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. ஒரு செண்பகப் பறவை எங்கோ அடித்தொண்டையில் கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் வாய் சற்றே திறந்திருந்தது. நித்திரை. ஆவணிக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அவள் உறங்கியதை நான் அன்றுதான் கண்டேன். ஈ ஒன்று அவள் கன்னத்தில் இருக்க வந்தது. அதை விரட்டிக்கொண்டு அசையாமல் இருந்தேன். என் கால் மரத்துப்போனது. பரவாயில்லை என்றிருந்தது.

அடுத்த மூன்று நாளும் அப்படியே உறங்கினாள். இரவிலும் சிறிது நித்திரை வந்தது. இதுபோல இன்னும் ஒரு கிழமை கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் மச்சானின் வண்டி வந்தது. வண்டி நிறைய அரிசிச் சாக்கு, வாழைக்குலை, சோறு ஆக்கும் பெரிய கிடாரம், அதற்கு மேல் துணி சுற்றிய கிராமபோன் பெட்டி.

"மச்சான், இருந்து கதைக்க நேரமில்லை. ஊரிலை என்ன கதை அடிபடுகுது தெரியுமோ? இவளுக்குக் கசமாம்."

"காசநோயோ? ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லேல்லை! சனம் இல்லாத இடத்துக்குக் காத்துப் பிடிக்கக் கொண்டுபோய் வைச்சிருக்காம். விலாசமும் சொல்லேல்லையாம். கசமில்லாட்டில் ஏன் ஒளிக்க வேணும் எண்டு கேக்கினம். நான் என்ன சொல்லுறது?"

"நெருப்புக் காய்ச்சல் எண்டு சொல்லுறதுதானே? டாக்குத்தரைக் கேக்கச் சொல்லுறதுதானே?"

"டாக்குத்தர் எங்கடை ஆள் எண்டு சொல்லுவினம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சின்னவளின்ரை சம்பந்தம் உந்தா, கைக்கெட்டின தூரத்திலை நிக்குது. மாப்பிள்ளை பகுதி பின்னடிக்குது. ஒரு வீட்டிலை ஒருத்திக்குக் கசமெண்டால் மற்றவளை ஆர் எடுப்பான்?"

சின்னவள் என்றது என் மனைவியின் கடைசித் தங்கையை. அந்தக் கவலை பொய்யல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்திருந்த மருந்து இது: மாப்பிள்ளை வீட்டாரையே இங்கே விருந்துக்கு அழைத்துவிட்டார். என் மனைவி தன் கையாலே அவர்களுக்குப் பரிமாற வேண்டும். அவர்கள் அவள் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டுப் போனால் ஊரின் வாய் அடைபடும்.

"அவ இப்பதான் நித்திரை கொள்ளத் தொடங்கினவ," என்றேன்.

"ஒரு நாள்தானே மச்சான். பிறகு ஆசை தீர நித்திரை கொள்ளட்டும்."

நான் மறுத்திருப்பேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவள்தான் வாசலுக்கு வந்தாள். "தங்கச்சிக்காக ஒரு நாள் நிக்கிறன், அண்ணை," என்றாள். அவளுடைய கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

அடுத்த நாள் அந்தியில் ஆண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா என்பவர் தலைவர். காதில் மயிர் வளர்ந்த, பருத்த மனிதர், துவக்கு வைத்திருந்தார். வந்து இறங்கியதும் கிராமபோன் தொடங்கியது. ஊசி தேய்ந்திருந்தது, பாட்டுக்காரன் மூக்கால் அழுதான். காட்டைப் பார்த்து அவர்கள் கத்தினார்கள், எதிரொலி வருகிறதா என்று. வரவில்லை. அதனால் இன்னும் பலமாகக் கத்தினார்கள். விடியும்வரை சீட்டாட்டம். எங்கள் அறையில் அவள் கண் திறந்தபடி படுத்திருந்தாள்.

விடிந்ததும் துவக்குச் சத்தம் கேட்டது. காலைக் கோப்பியைக் குடித்துவிட்டு அவள் பாதையால் கொஞ்சம் நடந்து வரட்டுமா என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் காலை ரயிலில் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சரி என்று கூடப் போனேன். அந்தப் பாதையில் முந்தின நாள் வந்த ஆண்கள் வெளிக்கிருந்திருந்தார்கள். காடு முழுவதும் இருக்க, நாங்கள் நடக்கும் அந்த ஒற்றைப் பாதையின் இரு கரையிலும். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினோம். பாலைமரத்துக்கு வந்தபோது அவள் நின்றாள்.

அவள் உறங்கிய அந்தக் கிளைக்குக் கீழே ஒரு புள்ளிமான் தலைகீழாகத் தொங்கியது. நிழல் நல்ல இடம் என்று அங்கே கொண்டுவந்து தோல் உரித்திருக்கிறார்கள். குடல் மண்ணில் கிடந்தது. பாய் விரித்த இடத்தில் இரத்தம் கறுத்து உறைந்து, அதில் இலைகள் ஒட்டியிருந்தன. ஈக்களின் இரைச்சல். பெரியப்பா ஒரு வேரில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாருங்கோ, வாருங்கோ! நல்ல தொடை. உங்களுக்கு ஒண்டு எடுத்து வைக்கட்டோ?"

அவளுக்குக் குமட்டிக்கொண்டு சத்தி வந்தது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் அவள் நெற்றியைத் தாங்கினேன். அந்த மனிதர் எழுந்து வந்தார். உதவி செய்ய வருகிறார் என்று எண்ணினேன். அவர் என்னைத் தாண்டிக் குனிந்து, கையிலிருந்த தடியால் அவள் எடுத்த சத்தியைக் கிளறிப் பார்த்தார். ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம்.

"ரத்தம் இல்லைப்போலை," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சளி வாறதோ?"

என் வாழ்க்கையில் எத்தனையோ அழுக்குகளைக் கண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வார்ட்டில் நின்றிருக்கிறேன். அந்தத் தடியின் நுனியைப்போல் எதுவும் என்னைக் குமட்டியதில்லை. அவர் அதை மானின் தோலிலேயே துடைத்தார்.

நாங்கள் திரும்பினோம். பங்களாவில் பெண்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கொண்டையும் சிவப்புக்கல் தோடுமாக நடுவில் இருந்தாள். எல்லாப் பார்வையும் என் மனைவியின் நெஞ்சில். அவள் தொண்டையைச் செருமினால் பேச்சு நிற்கும். செருமி முடிந்ததும் தொடங்கும். மச்சான் வாழையிலைகளைப் போட்டுவிட்டு, சோற்றுத் தட்டை அவள் கையில் வைத்தார். கிராமபோன் பாடிக்கொண்டே இருந்தது.

அவள் தட்டோடு முதல் இலைக்குக் குனிந்தாள். சோறு இலைக்கு வெளியே சிந்தியது. பெரியப்பா தன் இலையை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். அது எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரும் இழுத்தார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"நிப்பாட்டுங்கோ உதை!"

இந்தக் குரல் அவளிடம் இருந்தது எனக்கே தெரியாது. கூரைத் தகரம் அதிர்ந்தது. யாரோ கிராமபோனின் கையைத் தூக்கினார்கள்.

"எனக்குக் கசமில்லை! நித்திரையில்லை! ஆவணியிலையிருந்து நித்திரையில்லை! உந்தப் பாலைமரத்துக்குக் கீழைதான் எனக்கு நித்திரை வந்தது. அதிலை மானைக் கொண்டந்து தூக்கிப்போட்டு, நான் எடுத்த சத்தியைத் தடியாலை கிண்டிப் பாக்கிறார் இந்த மனிசன்! பாத்தாச்சுதோ? இனிச் சாப்பிட்டால் சாப்பிடுங்கோ, சாப்பிடாட்டில் விடுங்கோ. சத்தம் போடாமல் போங்கோ! எல்லாரும் போங்கோ!"

மச்சான் "பிள்ளை, பிள்ளை" என்று கையை அசைத்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இந்தமுறை கதவுச் சத்தத்துக்கு அவள் நடுங்கவில்லை.

பெரியப்பா தன் தடியைத் தேடி எடுத்துக் கதிரைக்குப் பின்னால் வைத்தார். பிறகு, "கசமில்லாட்டில் மண்டை பிழைச்ச விசராயிருக்கும்," என்றார்.

மாப்பிள்ளையின் தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "விசரோ என்னவோ, நெஞ்சு நல்ல நெஞ்சு. இருமலும் இல்லை, இளைப்பும் இல்லை. ஒரே மூச்சிலை எவ்வளவு சொன்னவ! கசக்காரிக்கு உந்தக் குரல் வருமோ?" என்று சொல்லிவிட்டு, சிந்திய சோற்றை இலைக்குள் தள்ளி, "எங்கை, குழம்பைக் கொண்டாருங்கோ," என்றாள்.

சாப்பிட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். இலைகளை இழுத்தவர்களும் சாப்பிட்டார்கள். மான் இறைச்சியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்கள். அந்தத் தாயின் தீர்ப்பைக் கேட்ட மகிழ்ச்சியில் மச்சான் அழாத குறை. பின்னேர ரயிலுக்கு அவர்கள் புறப்பட்டபோது வேலியோரம் முழுதும் எலும்பு, எச்சில் இலை, வெற்றிலைத் துப்பல். கிராமபோனை மட்டும் மறக்காமல் கொண்டுபோனார்கள்.

சின்னவளின் சம்பந்தம் குழம்பவில்லை. சித்திரையில் கலியாணம் நடந்தது. அவளுக்கு நான் நன்மையே நினைத்தேன். ஆனால் அன்றைய விருந்தைப் பற்றி மச்சான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்ததைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் வாய் கொப்பளிக்கத் தோன்றியது.

அந்தப் பாதைக்கு நாங்கள் திரும்பவில்லை. காவற்காரன் குடலைப் புதைத்தான், ஆனால் நாற்றம் போகவில்லை. இரவில் நரிகள் வந்து தோண்டின. தோட்டத்தின் மற்றப் பக்கத்தால் வேறொரு பாதை பிடித்தோம். அங்கே பெரிய மரம் இல்லை, வீரைகள்தான். அவளுடைய நடை முதல் நாளுக்குப் போய்விட்டது: கையை வீசிக்கொண்டு, முன்னால் பார்த்துக்கொண்டு. கடந்த நாட்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எனக்கு விளங்கியது. இன்றைக்குத்தான் வந்து இறங்கினோம் என்று வைத்துக்கொண்டு, தங்கும் காலத்தை நீட்டினேன். வேலைத்தலத்துக்குக் கடிதம் எழுதினேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதால் காலை நடையைச் சுருக்கி, மாலையில் ஒரு சிறு நடை சேர்த்தேன். அங்கிருந்து புறப்படுவதற்குச் சற்று முன்தான் ஒரு வீரை மரத்தடியில் அவள் மறுபடியும் பகலில் கண் அயர்ந்தாள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு, நித்திரை முழுதாக அல்ல, பாதி வந்தது. அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்றார் டாக்குத்தர்.

அடுத்த மாசி நெருங்கியது. எங்கே போவது, எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கிராமபோன் என் காதில் பாடிக்கொண்டே இருந்தது. அவள்தான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, வன்னியிலை காட்டுக்குள்ளை ஒரு பிள்ளையார் கோயில் இருக்கெண்டு சொன்னீங்கள். பக்கத்திலை ஒரு மடமும் இருக்காம்."

"இருக்குது."

"நேர்த்தி எண்டு சொல்லுவம். இரண்டு கிழமை மௌனவிரதம். பொய்யில்லை. பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறன். மற்ற நேரம் பேசாமல் மரத்துக்குக் கீழை இருக்கிறன். அதுதானே விரதம்?"

இதைச் சொன்னதும் ஊர் அப்படியே மாறிவிட்டது. நோய்க்காக அமைதி கேட்டபோது நோய் பார்க்கத் திரண்டு வந்தவர்கள், சாமிக்காக அமைதி என்றதும் வாசலுக்கு அப்பாலேயே நின்றார்கள். உள்ளே யாரும் வரவில்லை, யாரும் துப்பவில்லை. அருவருப்பு எனக்கு அப்போதும் குறையவில்லை. ஒரு பெண்ணின் நித்திரைக்குக் கிடைக்காத மரியாதை ஒரு சிலையின் பெயருக்குக் கிடைத்தது. ஆனாலும் அந்த மரியாதையை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

புறப்படும் நாள் விடியற்காலையில் மச்சான் வந்தார். ஒரு கட்டுக் கற்பூரத்தைச் சத்தமில்லாமல் என் கையில் வைத்தார். விரதம் இன்னும் தொடங்கவில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் தன் தங்கையைப் பார்த்து இரு கையையும் குவித்தார். பிறகு என் காதருகே குனிந்து, அவருடைய வாழ்நாளில் நான் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார்:

"மெல்லமாப் போயிட்டு வாருங்கோ, மச்சான். அவவின்ரை விரதத்தை ஒருத்தரும் குழப்ப விடாதையும்."